தையற்கடைகளின் கணக்கு: தனியுரிமைப் போட்டியும் பயன்படாத இயலளவும்

1. சந்தையின் வடிவமும் ஆய்வுக் கேள்வியும்

பல விற்பனையாளர்கள் ஒரே வகைப் பொருளைச் சிறு வேறுபாடுகளுடன் விற்கும் சந்தையைப் பொருளியல் தனியுரிமைப் போட்டி என்கிறது. தமிழகப் பாடநூல்களில் இது முற்றுரிமைப் போட்டி. கடைகள் பல, புதியவர் நுழையத் தடை இல்லை, நட்டப்பட்டவர் விலகவும் தடை இல்லை. இந்த அளவில் இது நிறைபோட்டியை ஒத்தது. ஆனால் ஒருவரது பொருள் மற்றவரது பொருளுக்கு முழுமையான பதிலீடு ஆகாததால், ஒவ்வொருவருக்கும் தம் வாடிக்கையாளர்மீது ஒரு சிறு பிடி இருக்கிறது. விலையைச் சற்று உயர்த்தினால் சிலர் போவார்கள், பலர் இருப்பார்கள். அந்தப் பிடியே தனியுரிமையின் கூறு.

மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் நகருக்கு மேற்கே உள்ள மீனவர் கிராமமான தாழ்வுபாட்டில் வாழும் ஒரு குடும்பம் சந்தையின் பல வடிவங்களை ஒரே நாளில் சந்திக்கிறது. காலையில் கரையில் விற்கும் மீனுக்கு அதைப் பிடித்தவர் விலை வைக்க முடிவதில்லை. அன்றைய விலையையே அவர் பெறுகிறார். வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருந்தால் அதையும் முழுமையாகப் பெறுவதில்லை. அடுப்புக்கு வாங்கும் எரிவாயு நாடு முழுவதும் இரண்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. பிள்ளையின் சீருடை தைக்கவோ, நகரில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கவோ போகும்போதுதான் தனியுரிமைப் போட்டி எதிர்ப்படுகிறது. அங்கே கடைகள் பல, விலைகள் ஏறக்குறைய ஒன்று, ஆனால் எந்த இரண்டு கடையும் ஒன்றல்ல.

இத்தகைய சந்தையில் பெரும்பாலான கடைகள் தம்மால் இயன்ற அளவுக்கு வேலை செய்வதில்லை என்பது இக்கோட்பாட்டின் மிகவும் விவாதிக்கப்பட்ட முடிவு. தையல் இயந்திரம் நாளின் பாதி நேரம் சும்மா நிற்கிறது. உணவகத்தில் மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. இது வீணா, அல்லது வேறுபாட்டுக்கும் அருகாமைக்கும் வாடிக்கையாளர் மனமறிந்து கொடுக்கும் விலையா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. போருக்குப் பின் வட மாகாணத்தில் வாழ்வாதார உதவியாகத் தையல் இயந்திரங்கள் பரவலாக வழங்கப்பட்டுள்ளதால், இக்கேள்விக்கு இங்கே நடைமுறைப் பொருளும் உண்டு.

2. கோட்பாடு உருவான விதம்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொருளியல் இரண்டு எல்லைகளை மட்டுமே விரிவாக ஆராய்ந்தது. ஒன்று, எவருக்கும் விலைமீது பிடி இல்லாத நிறைபோட்டி. மற்றது, ஒரே விற்பனையாளர் உள்ள தனியுரிமை. இவற்றுக்கு இடைப்பட்ட வெளியை முதலில் கூர்மையாகச் சுட்டிக்காட்டியவர் பியரோ ஸ்ராஃபா. 1926இல் வெளியான கட்டுரையில் அவர் முன்வைத்த கருத்து எந்தக் கடைக்காரருக்கும் உடனே விளங்கும். உற்பத்தியைக் கூட்டினால் செலவு ஏறிவிடும் என்று சிறு உற்பத்தியாளர் அஞ்சுவதில்லை. கூடுதலாக உற்பத்தி செய்ததை விலை குறைக்காமல் விற்க முடியாது என்பதே அவரது தடை.

இந்த அடித்தளத்தில் 1933இல் இரண்டு நூல்கள் ஒன்றையொன்று சாராமல் வெளிவந்தன. ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த எட்வர்ட் சேம்பர்லினுடையது. மற்றது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் ராபின்சனுடையது. ராபின்சன் நிறைவற்ற போட்டி என்ற பொதுக் கருவியைச் செம்மைப்படுத்தினார். சேம்பர்லினின் கவனம் பொருள் வேறுபாட்டில் இருந்தது. தரம், வடிவம், கடை இருக்கும் இடம், கடைக்காரரின் நடத்தை, அவர்மீதான நம்பிக்கை ஆகிய யாவும் அவர் பார்வையில் பொருளின் பகுதிகளே. எனவே ஒரு விற்பனையாளர் விலையால் மட்டும் போட்டியிடுவதில்லை. பொருளை மாற்றியும், விளம்பரம் போன்ற விற்பனைச் செலவுகளைச் செய்தும் போட்டியிடுகிறார். இக்கட்டுரை சேம்பர்லினின் இந்த வரையறையையே பின்பற்றுகிறது.

3. வேறுபாடு எங்கே இருக்கிறது: சீருடைத் துணியின் சான்று

பொருள் வேறுபாட்டை அளந்து காண்பது கடினம். துணி, உழைப்பு, இடம், நம்பிக்கை எல்லாம் ஒரே விலைக்குள் கலந்து கிடப்பதே காரணம். இலங்கையின் பாடசாலைச் சீருடை இந்தக் கலப்பைப் பிரித்துக் காட்டும் அரிய வாய்ப்பு. 1993 முதல் அரசு மாணவர்களுக்குச் சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வந்துள்ளது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டது. துணி கிடைக்கும் ஆண்டில், ஒரு பாடசாலையின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வெள்ளைத் துணியுடன் தையற்கடைக்குப் போகிறார்கள். சீருடையின் வடிவமும் விதிப்படி ஒன்றே. அப்படியிருந்தும் பெற்றோர் எல்லோரும் மலிவான கடைக்குப் போய்விடுவதில்லை.

தையற்காரர் விற்பது இப்போது தையலை மட்டுமே. அதற்குள் உள்ள வேறுபாடுகளை ஓர் ஆண்பிள்ளையின் காற்சட்டையில் காணலாம். வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது கால் மடிப்பிலும் இடுப்பின் பின்தையலிலும் எவ்வளவு துணி விடப்படுகிறது என்பது முதல் வேறுபாடு. இரண்டு அங்குலம் விட்டிருந்தால் அடுத்த ஆண்டு பிரித்து இறக்கலாம். துணியை ஒட்ட வெட்டியிருந்தால் முடியாது. உட்தையல் ஓரத்துக்கு ஓவர்லொக் அடிக்கப்பட்டிருக்கிறதா என்பது இரண்டாவது. அடிக்காத ஓரம் சில சலவைகளில் நூல் நூலாகப் பிரிந்துவிடும். கவட்டுப் பகுதியில் இரட்டைத் தையல் உண்டா என்பது மூன்றாவது. சொன்ன திகதிக்குக் கிடைக்குமா என்பது நான்காவது. பாடசாலை தொடங்கும் வாரத்தில் மற்ற மூன்றையும்விட இதற்கே மதிப்பு அதிகம்.

இவற்றுள் பெரும்பாலானவை வாங்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. பல மாதங்கள் அணிந்து துவைத்த பிறகே தெரியவரும். எனவே ஒரு குடும்பம் முன்பு தைத்த இடத்துக்கே திரும்பிப் போகிறது. குடும்பத்தினர் எல்லோருடைய அளவும் எழுதப்பட்ட கொப்பி அந்தத் தையற்காரரிடம் இருக்கிறது. கடை மாறினால் மீண்டும் அளவெடுக்க வேண்டும். முதல் சட்டை சரியாக அமையாமலும் போகலாம். தையற்காரரின் சிறு தனியுரிமை பெரும்பாலும் இந்த இடர்ப்பாட்டில்தான் இருக்கிறது. 50 ரூபாய் கூட்டினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவதில்லை; 300 ரூபாய் கூட்டினால் போய்விடுவார். பொருளியல் மொழியில் சொன்னால், அவரது சேவைக்கான கேள்வி நெகிழ்ச்சி மிக்கது, ஆனால் முடிவற்ற நெகிழ்ச்சி உடையதன்று.

4. ஒரு கடையின் கணக்கு

கோட்பாட்டின் மையமான வாதத்தைச் சிறு கணக்கால் விளக்கலாம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. எந்தக் கடையின் கணக்கும் அன்று.

ஒரு தையற்கடைக்கு மாத வாடகை 15,000 ரூபாய், மின்சாரமும் இயந்திரப் பராமரிப்பும் 7,500 ரூபாய் எனக் கொள்வோம். உரிமையாளர் வேறு வேலைக்குப் போனால் 40,000 ரூபாய் உழைக்கக்கூடியவர். அதையும் சேர்த்தால் நிலையான செலவு 62,500 ரூபாய். ஒவ்வோர் உருப்படிக்கும் நூல், பொத்தான், உதவியாளர் கூலி என 300 ரூபாய் மாறும் செலவு. கடையால் மாதத்தில் 250 உருப்படிகள் வரை தைக்க முடியும்.

கூலி 900 ரூபாய் என்றால் 150 உருப்படிகள் வருகின்றன. 100 ரூபாய் குறைத்தால் 25 கூடும், 100 ரூபாய் கூட்டினால் 25 குறையும். 900 ரூபாயில் ஓர் உருப்படிக்கு 600 ரூபாய் மிஞ்சுகிறது. 150 உருப்படிக்கு 90,000 ரூபாய். நிலையான செலவு போக 27,500 ரூபாய் அசாதாரண இலாபம். விலையை 800ஆகக் குறைத்தாலும் 1,000ஆகக் கூட்டினாலும் மிஞ்சுவது 87,500 ரூபாய்தான். எனவே 900 ரூபாயே அவருக்கு உகந்த விலை.

இந்த இலாபம் மற்றவர் கண்ணில் படாமல் போகாது. ஓர் இயந்திரமும் ஒரு சிறு அறையும் இருந்தால் தொழிலைத் தொடங்கலாம். புதிய கடைகள் திறக்கப்படும்போது, எந்த விலையிலும் பழைய கடைக்கு வரும் உருப்படிகள் முன்பைவிட 50 குறைகின்றன எனக் கொள்வோம். இப்போது 900 ரூபாய்க்கு 100 உருப்படிகள்தான். மிஞ்சும் 60,000 ரூபாயில் நிலையான செலவை ஈடுகட்டினால் 2,500 ரூபாய் நட்டம். 700 ரூபாய்க்கு 150 உருப்படிகள் வந்தாலும் அதே நட்டம். 600 ரூபாய்க்கு 175 உருப்படிகள் தைத்தால் நட்டம் 10,000 ரூபாய். 800 ரூபாய் ஒன்றில்தான் 125 உருப்படிகளும், ஒவ்வொன்றிலும் 500 ரூபாயுமாகச் சரியாக 62,500 ரூபாய் கிடைக்கிறது. இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பாடநூல் வரைபடத்தில் கேள்வி வளையி சராசரிச் செலவு வளையியை ஒரேயொரு புள்ளியில் தொடும் நிலை இதுவே.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, உரிமையாளர் பேராசைக்காரர் அல்லர். அவர் 800 ரூபாய் வாங்குவது பிழைப்பதற்கு. அதைவிடக் குறைத்தாலும் கூட்டினாலும் கடை நிலைக்காது. இரண்டாவது, அந்த நிலையில் 250 தைக்கக்கூடிய கடை 125 மட்டுமே தைக்கிறது. முழு அளவுக்கு வேலை இருந்தால் ஓர் உருப்படியின் சராசரிச் செலவு 550 ரூபாயாக இறங்கும். 800க்கும் 550க்கும் இடையிலான 250 ரூபாயே சர்ச்சைக்குரிய தொகை. கடைகளில் பாதியை மூடி, வேலையை மீதியிடம் குவித்தால் அது மிச்சமாகும் என்பது ஒரு வாதம். ஆனால் அப்போது தாழ்வுபாட்டில் இருப்பவர் சீருடை தைக்க நகருக்குப் போய்வர வேண்டியிருக்கலாம். தமக்குப் பிடித்த வெட்டும் கிடைக்காமல் போகலாம். போக்குவரத்தும் இழந்த நேரமும் 250 ரூபாயைத் தாண்டினால் மிச்சம் ஏதும் இல்லை.

5. விலை அறிவிப்புகளும் சோற்றுப் பார்சலும்

உணவகங்களில் இதே சந்தை வேறு முகம் காட்டுகிறது. மன்னார் நகரில் சைவக் கடை, முஸ்லிம் கடை, மீன் சோற்றுக்குப் பேர்போன கடை என வேறுபாடுகள் வெளிப்படையானவை. ஹலால் உணவு தேடுபவருக்கு எல்லாக் கடையும் ஒன்றல்ல. தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சி விலக்கும் கத்தோலிக்கருக்கு மற்ற நாளின் கடை அன்று பயன்படாது. அளவு, உறைப்பு, மீன் துண்டின் பருமன் ஆகியவை அன்றாடம் ஒப்பிடக்கூடியவை. தையலைப் போல மாதங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நேரச் சாப்பாட்டிலேயே தரம் தெரிந்துவிடும். ஆகவே உணவகத்தின் பிடி தையற்கடையின் பிடியைவிடத் தளர்வானது.

2022 ஏப்ரலில் லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டரின் கொழும்பு விலை 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாயாக உயர்ந்தது. இத்தகைய மாற்றங்களின்போது சிற்றுண்டிச்சாலை உரிமையாளர் சங்கம் சோற்றுப் பார்சல், கொத்து, பால்தேநீர் ஆகியவற்றின் விலை இவ்வளவு கூடும் அல்லது குறையும் என அறிவிப்பது இலங்கையில் வழக்கம். இந்த அறிவிப்புகளைப் பார்த்து உணவக விலையைச் சங்கமே தீர்மானிக்கிறது என்ற எண்ணமும் பொதுவெளியில் உண்டு. அது உண்மையானால் இச்சந்தை தனியுரிமைப் போட்டி ஆகாது. கூட்டு உடன்பாட்டின் கீழ் இயங்கும் சந்தையாகிவிடும்.

சான்றுகள் அந்த எண்ணத்தை ஆதரிக்கவில்லை. விலை குறைப்பு அறிவிக்கப்பட்டும் கடைகளில் குறையவில்லை என்ற முறைப்பாடு ஒவ்வொரு முறையும் எழுகிறது. அறிவிப்பை மீறும் கடையைத் தண்டிக்கச் சங்கத்திடம் வழி இல்லை. அதைவிட அடிப்படையான காரணம், விலை ஒன்றை நிர்ணயிக்கலாம், பார்சலை நிர்ணயிக்க முடியாது என்பது. ஒரு சிலிண்டரில் 200 பார்சல் சமைக்கும் கடை ஒன்று இருந்தால், 2,185 ரூபாய் உயர்வு பார்சலுக்கு ஏறக்குறைய 11 ரூபாய் செலவைக் கூட்டும். கடைக்காரர் அதை விலையில் ஏற்றலாம். மீன் துண்டைச் சிறிதாக்கலாம். மூன்று கறியை இரண்டாக்கலாம். சேம்பர்லின் சொன்ன விலை, பொருள் என்ற இரண்டு கருவிகளும் இங்கே ஒரே கடைக்காரரின் கையில் உள்ளன.

அரசின் விலைக் கட்டுப்பாட்டுக்கும் இதே எல்லை உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, அரிசிக்கு வர்த்தமானி மூலம் உச்ச விலை விதித்த சந்தர்ப்பங்கள் பல. நாடு, சம்பா, பச்சை என வகை சொல்லி ஒரு கிலோவுக்கு விலை குறிக்க முடிகிறது. அதே அரிசி சோறாகி, கறியுடன் பார்சலாகும்போது அளவுகோல் இல்லாமல் போகிறது. கடைகளில் விலைப்பட்டியல் காட்சிப்படுத்த வேண்டும் என்ற விதி இச்சந்தைக்குப் பொருத்தமானது. அது விலையைக் கட்டுப்படுத்துவதில்லை; ஒப்பிடுவதை எளிதாக்கிக் கடைக்காரரின் பிடியைத் தளர்த்துகிறது.

6. விமர்சனங்களும் அவற்றின் எடையும்

கோட்பாட்டின்மீதான விமர்சனங்களுள் மூன்று இங்கே எடைபோடத் தக்கவை.

முதலாவது நிக்கலஸ் கால்டோருடையது. ஒரு கடை செய்யும் மாற்றத்தின் விளைவு எல்லாப் போட்டியாளர்மீதும் சமமாகப் பரவி எவருக்கும் உறைக்காமல் போகும் என்று சேம்பர்லின் கொண்டார். உண்மையில் அது அடுத்துள்ள சில கடைகளையே தாக்குகிறது என்று 1935இல் கால்டோர் காட்டினார். கிராமத்துக்கு இந்த வாதம் மிகவும் பொருந்தும். தாழ்வுபாட்டில் ஒருவர் கூலியைக் குறைத்தால் பக்கத்துத் தெருவில் தைப்பவருக்கு அன்றே தெரிந்துவிடும். மன்னார் நகரின் கடைகள் அதைப் பொருட்படுத்தமாட்டா. ஆகவே கிராமத்துக்குள் இது சிலருரிமைச் சாயல் கொண்டது; நகரையும் சேர்த்துப் பார்த்தால்தான் தனியுரிமைப் போட்டி. இது கோட்பாட்டைத் தள்ளிவிடுவதில்லை. எந்தப் பரப்பைச் சந்தை எனக் கொள்கிறோம் என்பதைச் சொல்லியே பேச வேண்டும் என்று அறிவுறுத்துகிறது.

இரண்டாவது, சிக்காகோ மரபின் ஜோர்ஜ் ஸ்டிக்லர் 1949இல் எழுப்பியது. ஒன்றோடொன்று போட்டியிடும் கடைகளின் குழுவை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதற்கு வரையறை இல்லை. நிறைபோட்டி மாதிரியே பெரும்பாலான கேள்விகளுக்குப் போதும் என்றார் அவர். வரையறை பற்றிய குறை உண்மை. சீருடைத் தையலுக்குக் கொழும்பிலிருந்து வரும் ஆயத்த ஆடையும் போட்டிதான். ஆனால் நிறைபோட்டி மாதிரி, ஒரே துணியைத் தைக்க அடுத்தடுத்த கடைகளில் வேறு வேறு கூலி இருப்பதையும் இயந்திரங்கள் சும்மா நிற்பதையும் விளக்காது.

மூன்றாவது, வகைமையின் மதிப்பைக் கணக்கில் சேர்த்த பிற்கால ஆய்வுகள். 1977இல் அவினாஷ் தீட்சித்தும் ஜோசப் ஸ்டிக்லிட்ஸும் உருவாக்கிய மாதிரி, வாடிக்கையாளர்கள் பல வகைகளை விரும்பும்போது பயன்படாத இயலளவை நேரடியாக வீண் எனச் சொல்ல முடியாது என்று நிறுவியது. கடைகளின் எண்ணிக்கை சமூகத்துக்கு உகந்ததைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்.

இவற்றோடு இப்பகுதி சார்ந்த ஒரு திருத்தமும் தேவை. கோட்பாட்டின் மாதம் எப்போதும் ஒரே மாதம். மன்னாரின் மாதங்கள் அப்படியல்ல. நத்தாருக்கு முன்னும், ஆவணி மடுத் திருவிழாவுக்கு முன்னும், பாடசாலைத் தொடக்கத்திலும் தையல் குவிகிறது. சோழகக் காற்று வீசும் மாதங்களில் தென்கரையில் கடல் கொந்தளித்துத் தொழில் தளர்வதால் வீட்டுக்குப் புதுத்துணி தைப்பதும் தளர்கிறது. உச்ச வாரங்களுக்கென வைத்திருக்கும் இயலளவு மற்ற வாரங்களில் சும்மா கிடப்பது இயல்பு. எனவே நத்தார் வாரத்திலும் இயந்திரம் பாதி நேரம் நிற்கிறதா என்று பார்த்தே மிகை இயலளவு உண்டா என்று தீர்மானிக்க முடியும்.

7. இலவச இயந்திரத்தின் விளைவு

மேற்கண்ட கணக்கை வாழ்வாதார உதவிக்குப் பொருத்திப் பார்க்கலாம். உதவியாக இயந்திரம் பெற்று வீட்டிலேயே தைக்கும் ஒரு பெண்ணுக்கு வாடகை இல்லை. பராமரிப்பு 2,500 ரூபாய். அருகில் வேறு வேலை வாய்ப்புக் குறைவென்பதால் அவர் விட்டுக்கொடுக்கும் வருமானம் 20,000 ரூபாய்தான் எனக் கொள்வோம். அவரது நிலையான செலவு 22,500 ரூபாய். இத்தகையவர் பலர் நுழைந்தால், ஒருவருக்கு 600 ரூபாய்க்கு 75 உருப்படிகள் கிடைக்கும் நிலை வரும்வரை நுழைவு நிற்காது. 300 ரூபாய் மிஞ்சும் 75 உருப்படிகள், சரியாக 22,500 ரூபாய். 250 தைக்கக்கூடிய இயந்திரத்தில் இப்போது 75.

தையற்கூலி 800இலிருந்து 600ஆக இறங்கியது வாடிக்கையாளருக்கு நன்மை. ஆனால் அது இயந்திரங்கள் நன்றாகப் பயன்பட்டதால் வந்ததன்று. தைப்பவர் குறைந்த வருமானத்துக்கு இணங்கியதால் வந்தது. கடை வைத்திருப்பவருக்கும் அதே 75 உருப்படிகள் கிடைத்தால், வரும் 22,500 ரூபாய் வாடகைக்கும் பராமரிப்புக்குமே சரியாகிவிடும். அவர் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. அவர் நிலைக்க வேண்டுமானால் மணப்பெண் சட்டை, முதல்நன்மை உடை, கோட் போன்ற வேறுபட்ட வேலைக்கு நகர வேண்டும்.

8. முடிவு

தனியுரிமைப் போட்டியில் சும்மா நிற்கும் இயந்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் வீண் என்றோ, வகைமையின் விலை என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது. உச்ச வாரங்களில் அது ஓடினால் அது ஆயத்த நிலை. அருகில் இருப்பதற்காகவும் பொருந்தத் தைப்பதற்காகவும் வாடிக்கையாளர் கூடுதல் கூலியை மனமொப்பிக் கொடுத்தால் அது வகைமையின் விலை. உச்ச வாரத்திலும் நின்று, தைப்பவர் வேறு வழியின்மையால் மட்டுமே தொழிலில் தங்கியிருந்தால் அது வேலையின்மையின் மறைந்த வடிவம். ஒரே கிராமத்தில் ஒரே வகை இயந்திரத்தைப் பலருக்கு வழங்கும் திட்டம் மூன்றாவது நிலையையே வளர்க்கும். உதவி வழங்கும் நிறுவனங்கள் இயந்திரங்களை எண்ணுவதற்கு முன்பு, ஏற்கெனவே உள்ள இயந்திரங்கள் நத்தார் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றன என்று கேட்க வேண்டும். புதிதாக வழங்குவதாயின் ஓவர்லொக் இயந்திரம், வெட்டுப் பயிற்சி போன்று இப்போதுள்ளவரிடம் இல்லாத வேறுபாட்டை வழங்க வேண்டும்.